அம்மாவுக்கு 72 டெஸ்ட் பேக்கேஜ், 71 நார்மல், பொட்டாசியம் மட்டும் 6.1, பயப்படணுமா?

மாரண்டஹள்ளி குமார் (ஞாயிறு இரவு 10:52)
எல்லாருக்கும் வணக்கம். நான் ஓசூர்ல கம்பெனி வேலை, அம்மா ஊர்ல மாரண்டஹள்ளி பக்கம் தனியா இருக்காங்க, வயசு 56. போன வாரம் ஒரு ஆஃபர் பாத்துட்டு ஃபுல் பாடி செக்கப் புக் பண்ணேன், 72 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்கன்னு. இன்னிக்கு காலைல 6:20க்கு ஒரு பையன் பைக்ல வந்து எடுத்துட்டு போயிருக்கான். இப்பதான் ரிப்போர்ட் வந்துச்சு. முழுக்க பச்சை கலர்ல இருக்கு, ஒரே ஒரு லைன் மட்டும் சிவப்பு. பொட்டாசியம் 6.1, நார்மல் 3.5ல இருந்து 5.1ன்னு போட்டிருக்கு. கிரியேட்டினின் 0.8, யூரியா நார்மல், சோடியம் 139, சர்க்கரை 96, ஹீமோகுளோபின் எல்லாம் ஓகே. அம்மாவுக்கு எந்த கஷ்டமும் இல்ல, சாயங்காலம் வரைக்கும் தோட்டத்துல களை எடுத்துட்டு வந்து கேழ்வரகு களி சாப்பிட்டு இப்ப தூங்கிட்டாங்க. நெட்ல பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுடும்னு போட்டிருக்கு, கை நடுங்குது. காலைல பாத்துக்கலாமா இல்ல இப்பவே கிளம்பணுமா?

அரூர் கணக்கு வாத்தியார் (10:58)
தம்பி பதறாதீங்க. இது கணக்கு. நார்மல் ரேஞ்சுன்னு போடறாங்களே அது எப்படி வருதுன்னா, நல்லா இருக்கறவங்க நிறைய பேருக்கு டெஸ்ட் எடுத்து நடுவுல இருக்கற 95 சதவீதத்தை மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் வெட்டிடுவாங்க. அப்ப நல்லா இருக்கற 100 பேர்ல 5 பேர் சும்மாவே வெளிய நிப்பான். ஒரு டெஸ்டுக்கே இப்படின்னா 20 டெஸ்ட் எடுத்தா, எல்லாமே உள்ள விழ சான்ஸ் 36 சதவீதம்தான். 60 டெஸ்ட்னா 5 சதவீதம் கூட இல்ல. உங்க அம்மாவுக்கு 72ல ஒண்ணுதான் வெளியன்னா அதுவே அதிசயம், மூணு வந்திருக்கணும். விட்டுட்டு தூங்குங்க.

ஊத்தங்கரை பொண்ணு (11:03)
ஆமாங்க எனக்கும் இதே மாதிரிதான் போன வருஷம் பிலிருபின் 1.9ன்னு வந்துச்சு, மஞ்ச காமாலைன்னு சொல்லி எங்க மாமியார் கீழாநெல்லி அரைச்சு குடுத்து பத்தியம் போட்டு ரெண்டு வாரம் என்னை படுக்க வச்சுட்டாங்க, அப்புறம் டாக்டர்கிட்ட போனா மத்த லிவர் டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு, இன்டைரக்ட் மட்டும்தான் ஏறியிருக்கு, சில பேருக்கு பிறவியிலேயே அப்படித்தான், நைட்டு முழுக்க பட்டினி இருந்துட்டு காலைல ரத்தம் குடுத்தா இன்னும் கொஞ்சம் ஏறும், வியாதியே இல்லம்மா போன்னு அனுப்பிட்டார். உங்களுதும் அப்படித்தான் இருக்கும்.

பென்னாகரம் செல்வம் (11:05)
நம்ம ஜில்லா தண்ணிதான் காரணம். போர் தண்ணில ஃப்ளோரைடு இருக்குன்னு சின்ன வயசுல இருந்து பாக்கறோம், பல்லெல்லாம் காவி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தும் பாதி பேர் இன்னும் போர் தண்ணிதான் குடிக்கறாங்க. தோட்டத்துல பொட்டாஷ் வேற போடறோம், அது இறங்கி தண்ணில கலந்து உடம்புல ஏறுது. அம்மாவுக்கு முதல்ல தண்ணிய மாத்துங்க.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (11:09)
குமார் தம்பி, வாத்தியார் சொன்னதை கேட்டுட்டு தூங்கிடாதீங்க ப்ளீஸ். நான் டயாலிசிஸ் வார்டுல ஒம்போது வருஷம் இருந்தவ. பொட்டாசியம் 6 தாண்டினா அது தப்பான ரிசல்ட்டுன்னு நிரூபிக்கற வரைக்கும் நிஜம்னுதான் வச்சுக்கணும். ஒருத்தர் இப்படித்தான், வயசு 60 இருக்கும், பொட்டாசியம் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்தப்ப லேப் தப்பா இருக்கும்னு வீட்லயே ரெண்டு நாள் வச்சிருந்தாங்க, மூணாம் நாள் கால் எழுந்து நிக்க முடியல, ஈசிஜில அலை எல்லாம் அகலமாகி கூடாரம் மாதிரி நிக்குது. அவருக்கும் அதுக்கு முன்னாடி ஒரு கஷ்டமும் தெரியல. பொட்டாசியம் வலிக்காது தம்பி. களை எடுத்தாங்க, களி சாப்பிட்டாங்கன்னு வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.
மூணு கேள்வி. அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க? மார்பு படபடப்பு, கை கால் பலவீனம் ஏதாச்சும்? சர்க்கரை எத்தனை வருஷமா?

மாரண்டஹள்ளி குமார் (11:13)
அக்கா சர்க்கரை இல்ல. பிரஷர் மட்டும் ரெண்டு வருஷமா, டெல்மிசார்டன் 40 தினமும் காலைல. அதை எழுத மறந்துட்டேன். படபடப்பு ஒண்ணும் சொல்லல.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (11:15)
அதுதான் கேட்டேன். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை வெளிய போக விடாம கொஞ்சம் புடிச்சு வைக்கற ஜாதி. கிட்னி நல்லா இருந்தா சாதாரணமா 6 வரைக்கும் எல்லாம் கொண்டு போகாது, ஆனா கணக்குல எடுத்துக்கணும். இப்பவே யாராவது வண்டி வச்சிருந்தா கூட்டிட்டு போய் ஒரு ஈசிஜி, ஒரு ரிப்பீட் பொட்டாசியம். நைட்டே. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லட்டும்.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (11:21)
வணக்கம். 17 வருஷமா லேப் டெக்னீஷியன், அதுல நாலு வருஷம் இந்த மாதிரி கலெக்ஷன் வேலையும் பாத்திருக்கேன். தேவி மேடம் சொன்ன மாதிரி ஈசிஜியும் ரிப்பீட்டும் எடுங்க, அதுல மாத்து கருத்து இல்ல. ஆனா எனக்கு இந்த 6.1 மேல முழு நம்பிக்கை இல்ல. ரிப்போர்ட்ல மேல சின்ன எழுத்துல மூணு நேரம் இருக்கும், ரத்தம் எடுத்த நேரம், லேப்புக்கு வந்த நேரம், ரிப்போர்ட் போட்ட நேரம். அதை சொல்லுங்க. கூடவே கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ், எஸ்ஜிஓடி, பிளேட்லெட் நாலும் எவ்வளவுன்னு போடுங்க. ரத்தம் உறைஞ்சப்புறம் மேல தெளிஞ்சு நிக்கற சீரம் பத்தி ஏதாவது குறிப்பு எழுதியிருக்கான்னும் பாருங்க.

வாத்தியார் சார், நீங்க சொன்ன கணக்கு கோட்டை லேசா தாண்டின நம்பருக்கு சரி, இதுக்கு சரி வராது. ஓரத்துல வெட்டுப்பட்டு வெளிய நிக்கற அந்த 5 பேர் எல்லாம் வாசப்படிக்கு பக்கத்துலயேதான் நிப்பாங்க, 5.2, 5.3 அந்த மாதிரி. இந்த ரேஞ்சோட நடு 4.3. அங்கிருந்து மேல் கோடு வரைக்கும் 0.8தான் தூரம். 6.1ன்னா கோட்டை தாண்டி இன்னும் 1.0 போயிருக்கு. ஆரோக்கியமான ஆளுக்கு சும்மா அதிர்ஷ்டத்துல இவ்வளவு தூரம் போகாது. ஒண்ணு உடம்புல நிஜமாவே ஏறியிருக்கணும், இல்ல டியூபுக்குள்ள ஏதோ நடந்திருக்கணும். எதேச்சைங்கற மூணாவது வழி இங்க இல்ல.

அரூர் கணக்கு வாத்தியார் (11:26)
தூரத்தை நான் பாக்கல, ஒத்துக்கறேன். வெளிய உள்ளன்னு மட்டும் எண்ணிட்டேன். தம்பி கிளம்புங்க.

மாரண்டஹள்ளி குமார் (11:30)
சித்தப்பா பையன்கிட்ட கார் இருக்கு, அவனை எழுப்பிட்டேன், அம்மாவை கூட்டிட்டு தர்மபுரி போறான். அம்மா ஒரே திட்டு, நல்லா இருக்கறவளை நடுராத்திரி எழுப்பி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறீங்களான்னு.
அண்ணா கேட்டது: எடுத்தது காலை 6:20. லேப்ல வந்தது மதியம் 3:48. ரிப்போர்ட் நைட் 10:37. கால்சியம் 9.4, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 82, எஸ்ஜிஓடி 24, பிளேட்லெட் 2.6 லட்சம். குறிப்பு ஒண்ணும் இல்ல.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (11:41)
ஒம்போதரை மணி நேரம். சரி, மெதுவா சொல்றேன், தம்பி வண்டில போற நேரத்துல படிக்கட்டும்.

ரத்தத்துல இருக்கற சிவப்பணுக்குள்ள, வெளிய இருக்கற தண்ணியை விட இருபது மடங்குக்கு மேல பொட்டாசியம் இருக்கு. நாம அளக்கறது வெளிய இருக்கற கொஞ்சத்தை. அதனால உள்ள இருந்து துளி கசிஞ்சாலும் நம்பர் எகிறிடும். கசியறதுக்கு நாலைஞ்சு வழி இருக்கு, நம்ம ஆளு எந்த வழின்னு பாக்கலாம்.

முதல்ல எல்லாரும் சொல்றது செல் உடையறது. சின்ன ஊசி, வேகமா இழுக்கறது, டியூபை போட்டு குலுக்கறது, இப்படி உடைஞ்சா சீரம் ரோஸ் கலராயிடும், மெஷினே கண்டுபிடிச்சு குறிப்பு எழுதும், எஸ்ஜிஓடியும் கொஞ்சம் தூக்கும். இங்க குறிப்பு இல்ல, 24தான். அப்ப பெருசா உடையல.

அடுத்தது ஊதா மூடி டியூப். ஹீமோகுளோபின் பாக்கற அந்த டியூப்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு உப்பு தடவியிருப்பான், அது பொட்டாசியம் உப்பு. சில பசங்க பொட்டாசியம் பாக்கற மஞ்ச மூடி டியூப்ல ரத்தம் பத்தலன்னா ஊதால இருந்து கொஞ்சம் ஊத்திடுவாங்க. அப்படி ஊத்தியிருந்தா பொட்டாசியம் ஏறும், அதே சமயம் கால்சியமும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் கீழ விழுந்துடும், ஏன்னா அந்த உப்பு கால்சியத்தையும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்ய வேண்டிய மெக்னீசியம், துத்தநாகத்தையும் கவ்விக்கும். இங்க 9.4, 82ன்னு ரெண்டும் கம்பீரமா நிக்குது. அதுவும் இல்ல. பிளேட்லெட் 5 லட்சத்துக்கு மேல போனா ரத்தம் உறையறப்ப அதுல இருந்தும் பொட்டாசியம் வரும், உங்களுக்கு 2.6, அதையும் விடலாம்.

மிச்சம் ரெண்டு. எடுக்கறப்ப கையை இறுக்கி கட்டிட்டு மூடி மூடி திறங்கம்மான்னு சொன்னானா? அந்த கை தசை வேலை செய்யறப்பவே பொட்டாசியம் விடும், கட்டு போட்டிருக்கறதால அங்கேயே நிக்கும், ஒரு புள்ளி வரைக்கும் கூட ஏறும். இன்னொண்ணு, அந்த டியூபை மெஷின்ல வச்சு சுத்தாம ஐஸ் பெட்டில வச்சு அனுப்பினானா? எனக்கு சந்தேகம் இதுமேலதான்.

ராயக்கோட்டை தக்காளி (11:46)
ஐஸ்ல வச்சா நல்லதுதானேண்ணா? பாலு, மீனு, எல்லாமே ஐஸ்ல வச்சாதான் கெடாது. இந்த கத்திரி வெயில்ல வெளிய வச்சா வெந்துடுமே.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (11:55)
இப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க, எங்க பசங்களும் இதையேதான் சொல்லுவாங்க. செல்லு சுவர்ல ஒரு மோட்டார் மாதிரி இருக்கு, அது வெளிய இருக்கற பொட்டாசியத்தை உள்ள ஏத்திக்கிட்டே இருக்கும். உங்க வீட்டு மேல்தொட்டி அடில ஒரு சின்ன ஓட்டைன்னு வைங்க, மோட்டார் ஓடுற வரைக்கும் தொட்டி நிறைஞ்சே இருக்கும், ஓட்டை இருக்கறதே தெரியாது. கரண்ட் போனா கொஞ்சம் கொஞ்சமா வடியும். ஐஸ்ல வச்சா அந்த மோட்டார் படுத்துடும். செல் உடையாது, சீரம் தெளிவா தங்க கலர்லயே இருக்கும், மெஷினும் ஒண்ணும் சொல்லாது, ஆனா பொட்டாசியம் மணிக்கு மணி வெளிய வடிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் இது மோசமான தப்பு, எந்த தடயமும் விடாது, மத்த 71ம் பச்சையா இருக்கும். உடைஞ்ச சாம்பிளை நாங்க கண்ணாலேயே புடிச்சுடுவோம், குளிர்ல வடிஞ்சதை நேரத்தை பாத்துதான் யூகிக்கணும்.

வெயில்ல வெளிய வச்சாலும் சரியில்ல, அது வேற கதை, செல்லு சர்க்கரையை தின்னுக்கிட்டே இருக்கும், அது தீர்ந்து போச்சுன்னா அப்புறம் மோட்டார் ஓட எண்ணெய் இல்லாம அதுவும் நின்னுடும்.

சரியான வழி என்னன்னா மஞ்ச மூடி டியூபை அரை மணி நேரம் நிமிர்த்தி நிக்க வச்சு உறைய விட்டு, பக்கத்துலயே மெஷின்ல சுத்திடணும். உள்ள ஒரு ஜெல் இருக்கும், சுத்தினதும் அது நடுவுல வந்து செல் கீழ, சீரம் மேலன்னு சுவர் எழுப்பிடும். அதுக்கப்புறம் தாராளமா ஐஸ்ல வச்சு பெங்களூரு அனுப்பு, சென்னை அனுப்பு, ஒண்ணும் ஆகாது. சுத்தறதுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறதுதான் கேள்வியே.

(செல்வம் அண்ணா, ஃப்ளோரைடுன்னு சொன்னீங்களே, அது சாம்பல் மூடி சர்க்கரை டியூப்ல இருக்கு. செல்லு சர்க்கரையை தின்னாம இருக்க அதைத்தான் போடறோம். அதனாலதான் அம்மா சர்க்கரை 96ன்னு சரியா வந்திருக்கு. மத்தபடி போர் தண்ணிக்கும் இந்த 6.1க்கும் சம்பந்தம் இல்ல, இந்த பேக்கேஜ்ல ஃப்ளோரைடு பாக்கறதும் இல்ல.)

பென்னாகரம் செல்வம் (11:58)
பாக்கறதே இல்லையா? நம்ம ஊருக்கு வேண்டிய டெஸ்டை விட்டுட்டு 72 என்ன 72.

ஓசூர் டிராஃபிக் (திங்கள் அதிகாலை 12:04)
72ன்னு கணக்கு காட்டறாங்களே அதுல நிறைய கணக்கு போட்டு எடுக்கறதுதான். குளோபுலின்னு ஒரு லைன், அது மொத்த புரோட்டீன்ல ஆல்புமினை கழிச்சா வர்றது. கொலஸ்ட்ரால்ல விகிதம்னு ரெண்டு மூணு லைன். சிவப்பணு அளவு, சராசரி, எல்லாமே ஒரே ஊதா டியூப், ஒரே மெஷின். ஒரு தேங்காயை துருவல், பால், சக்கைன்னு மூணா எண்ணற மாதிரி.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (12:07)
லேப் அண்ணா சொல்றது எல்லாம் நியாயம்தான். ஆனா எனக்கு ஒரு பயம், இதை படிக்கற யாரோ ஒருத்தர் நாளைக்கு தன் வீட்ல 6.3 வந்தா ஐஸ் பெட்டி கதைன்னு விட்டுடுவாங்க. டியூப்ல நடந்ததா உடம்புல நடந்ததான்னு வீட்ல உக்காந்து ரிப்போர்ட்டை பாத்து முடிவு பண்ண முடியாது. ரெண்டாவது ரத்தம்தான் சொல்லும். ஈசிஜி நார்மலா வந்தாலும் பொட்டாசியம் இல்லன்னு ஆயிடாது, சில பேருக்கு ஏறியிருந்தும் ஈசிஜி சாதாவா இருக்கும்.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (12:10)
அதுல உங்ககூட சண்டையே இல்ல மேடம். நான் பகல்ல போனா போதும்னு நினைச்சிருந்தேன், மாத்திரை விஷயம் தெரிஞ்சப்புறம் நைட்டே போனது நல்லதுன்னுதான் தோணுது. தம்பி, அங்க எடுக்கறப்ப கட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு சொல்ல சொல்லுங்க, கையை மூடி திறக்க வேண்டாம். பச்சை மூடி டியூப் இருந்தா அதுல எடுக்க சொல்லுங்க, அது உறைய காத்திருக்க வேண்டாம், உடனே சுத்தலாம்.

மாரண்டஹள்ளி குமார் (2:35)
வந்துடுச்சு!! ஈசிஜி நார்மல்னு டியூட்டி டாக்டர் சொன்னார். ரத்தம் அங்கேயே எடுத்து அங்கேயே போட்டாங்க, முக்கா மணி நேரத்துல ரிசல்ட். பொட்டாசியம் 4.9. அம்மா கார்லயே தூங்கிட்டாங்களாம். எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, தேவி அக்கா லேப் அண்ணா ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல.

ஊத்தங்கரை பொண்ணு (காலை 7:10)
அப்பாடா. நான் தூங்கவே இல்லைங்க, நடுவுல நடுவுல எடுத்து பாத்துட்டே இருந்தேன்.

மாரண்டஹள்ளி குமார் (காலை 11:20)
இன்னொரு விஷயம். ரத்தம் எடுத்த பையனோட நம்பர் மெசேஜ்ல இருந்துச்சு, சண்டை போடாம சும்மா கேட்டேன். நல்லா பேசினான். காலைல 5:45ல இருந்து பத்து மணி வரைக்கும் எட்டு வீடு, எங்க அம்மா ரெண்டாவது. முதல் கைல நரம்பு கிடைக்கல, ரெண்டாவது கைல கட்டி மூடி திறக்க சொல்லி எடுத்தேன்னு அவனே சொன்னான். ஒவ்வொண்ணா ஐஸ் பெட்டில போட்டு பத்தரைக்கு கலெக்ஷன் சென்டர்ல குடுப்பானாம். அங்க சுத்தற மெஷின் இருக்காம், ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாததால அப்படியே வண்டில ஏத்தி அனுப்பிடுவாங்களாம். ஐஸ்ல இருந்தா ஒண்ணும் ஆகாது சார்னு அடிச்சு சொல்றான். அவனை குறை சொல்லி என்ன பண்றது, அவனுக்கு யாரும் சொல்லி குடுக்கல.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (11:34)
அப்ப ரெண்டுமே நடந்திருக்கு. கையை மூடி திறந்ததும், சுத்தாம ஐஸ்ல ஒம்போதரை மணி நேரமும். ஞாயித்துக்கிழமை எடுத்தவங்க எட்டு பேர்ல வேற யாருக்கும் பொட்டாசியம் சிவப்புல வந்துச்சான்னு அந்த லேப் பாத்தா தெரிஞ்சுடும். ஒரே பெட்டில வந்த எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தா பெட்டிதான் குற்றவாளி. கஸ்டமர் கேர்ல சொல்லி வைங்க, எழுத்துல.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (12:15)
தம்பி சந்தோஷம். ஆனா 4.9ங்கறது ரேஞ்சுக்குள்ள இருந்தாலும் மேல் பக்கம்தான் இருக்கு. அம்மா வீட்ல என்ன உப்பு யூஸ் பண்றாங்க? சும்மா கேக்கறேன்.

மாரண்டஹள்ளி குமார் (12:40)
அக்கா நீங்க எப்படி கேட்டீங்க. ஆறு மாசமா நான்தான் ஓசூர்ல இருந்து வாங்கி குடுக்கறேன், பிரஷருக்கு நல்லதுன்னு லோ சோடியம் உப்பு. இப்ப பாக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்ப சொல்லி பாத்தேன், பின்னாடி பொட்டாசியம் குளோரைடுன்னு இருக்கு. தலைல அடிச்சுக்கிட்டேன்.

ராயக்கோட்டை தக்காளி (12:48)
அப்ப உப்புதான் காரணம்! லேப் அண்ணன் சும்மா லேபை காப்பாத்தறார்னு இல்ல, அவர் லேபை திட்டத்தான் செஞ்சார், ஆனா காரணம் உப்புல இருக்கு பாருங்க. தக்காளி, இளநி எல்லாம் நிறுத்தணுமா? நம்ம ஊர்ல தக்காளி இல்லாம குழம்பு வைக்கறது எப்படி?

லேப்காரன் காவேரிப்பட்டணம் (1:05)
உப்பு மட்டும்னா நைட்டு எடுத்ததுலயும் 6 வந்திருக்கணுமே. ஞாயிறு காலைல 6:20, அதே நாள் நைட்டு ஒரு மணி. நடுவுல அம்மா அதே உப்பு போட்ட சாப்பாடுதான் சாப்பிட்டாங்க, மருந்து ஒண்ணும் குடுக்கல. 6.1க்கும் 4.9க்கும் நடுவுல இருக்கற 1.2 உடம்புக்குள்ள தானா இறங்கிச்சுன்னு சொல்றதை விட, பெரும்பங்கு டியூப்ல வந்ததுன்னு சொல்றதுதான் பொருந்துது.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (1:22)
பெரும்பங்கு சரி. ஆனா அந்த 4.9 ஏன் 4.3ஆ இல்லன்னு யாரு சொல்றது? டெல்மிசார்டன் ஒரு பக்கம், பொட்டாசியம் உப்பு ஒரு பக்கம், ரெண்டும் சேந்தா கிட்னி கொஞ்சம் சோர்ந்து போற நாள்ல, வாந்தி பேதி மாதிரி வந்து தண்ணி குறையற நாள்ல, நிஜமாவே ஏறிடும். தக்காளி, இளநி, மாம்பழம் எல்லாம் கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு இந்த அளவுக்கு ஏத்தாது, அதை விடுங்க. அந்த உப்பையும் மாத்திரையையும் பிரஷர் டாக்டர்கிட்ட சேத்து காட்டுங்க.

அரூர் கணக்கு வாத்தியார் (1:40)
ஒரு சந்தேகம். 4.9, 4.3 ரெண்டும் ஒரே ஆளுக்கு வேற வேற நாள்ல சும்மாவே வரலாம் இல்லையா? இப்ப நீங்க ரெண்டு பேரும் சொல்றதுல எது சரின்னு ஒரே ஒரு நம்பரை வச்சு எப்படி சொல்வீங்க?

லேப்காரன் காவேரிப்பட்டணம் (1:52)
சொல்ல முடியாது சார். வாஸ்தவம்.

மாரண்டஹள்ளி குமார் (மூணு வாரம் கழிச்சு, சனி மாலை 5:15)
அப்டேட். பிரஷர் டாக்டரை பாத்தோம். டெல்மிசார்டன் தொடர சொன்னார், லோ சோடியம் உப்பு வேண்டாம், சாதா உப்பையே குறைச்சு போடுங்கன்னார். நேத்து ரிப்பீட் எடுத்தோம், லேப் இருக்கற ஆஸ்பத்திரிலயே போய், கையை மூடி திறக்காம. 4.5. கிரியேட்டினின் அதே 0.8. பேக்கேஜ் கம்பெனில புகார் குடுத்ததுக்கு அடுத்த செக்கப்புக்கு கூப்பன் அனுப்பியிருக்காங்க, எட்டு பேர் விஷயத்துக்கு பதிலே இல்ல.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (5:40)
பாத்தீங்களா 4.5, உப்பை நிறுத்தினதும் இறங்கிடுச்சு.

லேப்காரன் காவேரிப்பட்டணம் (5:48)
மேடம், 0.4 வித்தியாசம் அம்மா ஒண்ணுமே மாத்தாம இருந்தாலும் வரும். வாத்தியார் சார் அன்னிக்கு கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் நிக்குது. உப்பை நிறுத்தினது நல்லதுதான், அதுக்கு சண்டை இல்ல.

ஊத்தங்கரை பொண்ணு (6:02)
எங்க அத்தைக்கு தைராய்டு 6.1ன்னு வந்திருக்கு, அதுவும் ஐஸ் பெட்டியா இருக்குமாங்க?

லேப்காரன் காவேரிப்பட்டணம் (6:06)
இல்லம்மா, நம்பர் ஒண்ணா இருந்தா விஷயம் ஒண்ணா ஆயிடாது. டிஎஸ்எச் சீரத்துல இருக்கறது, செல்லுக்குள்ள இருந்து வடியறது இல்ல. தனியா ஒரு இழை போடுங்க, வயசு, மாத்திரை, எடுத்த நேரம் எல்லாம் எழுதி.

மாரண்டஹள்ளி குமார் (6:20)
ஒரு சின்ன கேள்வி மட்டும் அக்கா. அம்மா போன மாசம் அந்த லோ சோடியம் உப்பு போட்டே ஒரு ஜாடி மாங்கா ஊறுகாய் போட்டு வச்சிருக்காங்க, நம்ம தோட்டத்து மாங்கா. கொட்ட மனசு வரலங்கறாங்க.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (6:25)
அம்மா அதை தொட வேண்டாம். உங்களுக்கு பிரஷர் மாத்திரை, கிட்னி பிரச்சனை ஒண்ணும் இல்லல்ல?

மாரண்டஹள்ளி குமார் (6:27)
இல்லக்கா.

தேவி ஸ்டாஃப் நர்ஸ் (6:28)
அப்ப ஜாடியை ஓசூருக்கு தூக்கிட்டு போங்க.